ராகி கேக் எருமுட்டை மாதிரி வருகிறது, பால் கேக் பச்சையடிக்கிறது: போட்டோவுக்கு யாராவது வழி சொல்லுங்கள்

வாசல்_அடுப்பு (சத்துவாச்சாரி) · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எட்டு மாதமாகத் தெருவில் இருப்பவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும் கேக் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பதிவு எண் வாங்கிவிட்டேன், வாட்ஸ்அப் கேட்டலாக்கில் போட்டு வெளியாட்களுக்கும் விற்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். முதலில் இரண்டே பொருள்தான். ஒன்று கேழ்வரகு வெல்ல கேக், முட்டை கிடையாது, தயிர் சேர்த்தது, செங்கல் வடிவத் தகரத்தில் சுட்டது. இன்னொன்று பால் கேக், வட்டமானது, மேலே வெள்ளை கிரீம், இதில் முட்டை உண்டு.

செய்வதில் பிரச்சினை இல்லை, படம் எடுப்பதில்தான். கேழ்வரகு கேக்கைப் பெரிய வெள்ளைத் தட்டில், வெள்ளைப் போர்வை விரித்து, அடுக்களை ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தேன். கருகருவென்று ஒரு கட்டிதான் தெரிகிறது. என் பையன் பார்த்துவிட்டு, "முட்டை போடாத கேக்குன்னு சொன்னே, எருமுட்டை மாதிரி இருக்கே" என்றான். பால் கேக்கோ வேறு கூத்து. நேரில் பால் வெள்ளை, படத்தில் லேசான பச்சை. கெட்டுப்போன மாதிரி இருக்கிறது. டியூப் லைட்டைப் போட்டாலும் அணைத்தாலும் பச்சை போகவில்லை.

போன் நான்கு வருடம் பழையது. புதுசு வாங்கும் நிலையில் இல்லை. படம் இரண்டையும் கீழே இணைத்திருக்கிறேன், சிரிக்காமல் பாருங்கள்.

பேடா_ரசிகன் · ஞாயிறு, இரவு 10:05

கேக் கறுப்பாக வருகிறது என்றால் அடுப்பில் கீழ்க் கம்பி சூடு அதிகம் அம்மா. தகரத்தை ஒரு படி மேலே வையுங்கள், பத்து டிகிரி குறையுங்கள். வெல்லம் சீக்கிரம் கருகும். எங்கள் ஆற்காட்டில் மக்கன் பேடாவைக்கூட மிதமான சூட்டில்தான் பொரிப்பார்கள்.

வாசல்_அடுப்பு · ஞாயிறு, இரவு 10:11

ஐயா, கேக் கருகவில்லை. நேரில் நல்ல செம்பழுப்பு. படத்தில்தான் கறுப்பு.

ரீல்ஸ்_தம்பி (காட்பாடி) · ஞாயிறு, இரவு 10:30

அக்கா, ரொம்ப சிம்பிள். ஒரு ரிங் லைட் வாங்குங்க, எல்லாம் சரியாகிடும். போர்ட்ரெய்ட் மோடில் எடுங்க, பின்னாடி மங்கி கேக் மட்டும் பளிச்சுனு நிற்கும். பச்சைக்கு ஒரு ஃபில்டர் போட்டு சிவப்பு ஏத்துங்க. இன்னொண்ணு, உங்க ரெண்டு படத்திலும் ஒரு புகை மாதிரி இருக்கு. லென்ஸைத் துடைச்சீங்களா? அடுக்களையில் வேலை செய்றவங்க போன் லென்ஸில் எப்பவும் வெண்ணெய்க் கைரேகை இருக்கும்.

வாசல்_அடுப்பு · ஞாயிறு, இரவு 10:42

துடைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான் தம்பி, விரல் தடம் எண்ணெயோடு அப்படியே இருந்தது. பழைய பருத்திப் புடவைத் துண்டால் துடைத்து இன்னொன்று எடுத்தேன். புகை போய்விட்டது. கறுப்பும் பச்சையும் அப்படியே இருக்கின்றன, இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

பழைய_ஸ்டுடியோ (ராணிப்பேட்டை) · திங்கள், காலை 6:15

அம்மா, முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. கறுப்புக் கோட்டு மாப்பிள்ளையையும் வெள்ளைப் புடவைப் பாட்டியையும் ஒரே படத்தில் எடுத்துப் பழகியவனுக்கு உங்கள் இரண்டு கேக்கும் பழைய சிநேகிதர்கள்.

முதலில் கறுப்பு. கேமராவுக்குக் கேக்கும் தெரியாது, தட்டும் தெரியாது. தன் முன்னால் இருக்கும் மொத்த வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்து, அதை ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். நீங்கள் வைத்தது பெரிய வெள்ளைத் தட்டு, அதற்குக் கீழே வெள்ளைப் போர்வை. பத்தில் எட்டு பங்கு வெள்ளை. "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது. போர்வை பழுப்பாகியிருக்கும், பாருங்கள். கேக் ஏற்கெனவே இருண்டது, அது பாதாளத்துக்குப் போய்விட்டது.

தட்டையும் போர்வையையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் மரப்பலகையோ மணையோ இருக்குமே, அதன்மேல் வையுங்கள். பிறகு திரையில் கேக்கின்மேல் விரலை வைத்து இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பூட்டிக்கொண்டது என்று அடையாளம் வரும். பக்கத்தில் ஒரு சூரியன் படம் தோன்றும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். கேக்கின் மேல்தோல் வெடிப்புகள் தனித்தனியாகத் தெரியும்வரை ஏற்றினால் போதும்.

பச்சைக்கு ஒரு கேள்வி. உங்கள் அடுக்களைச் சுவர் என்ன நிறம்?

வாசல்_அடுப்பு · திங்கள், காலை 11:20

பலகையில் வைத்து எடுத்தேன் ஐயா. கறுப்பு குறைந்து கேக் கேக்காகத் தெரிகிறது! ஆனால் தட்டையாக இருக்கிறது, ஒரு பழுப்புச் செங்கல் மாதிரி.

அடுக்களைச் சுவர் வெள்ளைதான்.

பழைய_ஸ்டுடியோ · திங்கள், காலை 11:34

அப்படியானால் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

வாசல்_அடுப்பு · திங்கள், காலை 11:50

ஐயா! இரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டு மதில். பொங்கலுக்குக் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தார்கள். ஜன்னலில் வரும் வெளிச்சம் முழுக்க அந்தச் சுவரில் பட்டுத்தான் வருகிறது. தினமும் அங்கேயே நின்று வேலை செய்கிறேன், என் கண்ணுக்கு ஒருநாளும் பச்சையாகத் தெரிந்ததில்லை.

பழைய_ஸ்டுடியோ · திங்கள், பகல் 12:10

கண்ணுக்குத் தெரியாது அம்மா, கண் பழகிவிடும். கேமரா அவ்வளவு சாமர்த்தியமாகப் பழகாது. பழுப்புக் கேக்கில் பச்சை அமுங்கிவிட்டது, வெள்ளைக் கிரீமில் ஒளிய இடமில்லை. ஃபில்டரில் சிவப்பு ஏற்றினால் கிரீம் சரியாகும், கூடவே பலகையும் உங்கள் கையும் செக்கச்செவேல் என்று ஆகும். ஜன்னலை மாற்றுங்கள்.

வாசல்_அடுப்பு · திங்கள், பகல் 12:25

வேறு ஜன்னல் எல்லாம் படுக்கையறையில். தெருவாசல் மேற்குப் பார்த்தது. எதிர்வீடு தள்ளி இருக்கிறது, நடுவே மண் தெரு.

பழைய_ஸ்டுடியோ · திங்கள், பகல் 12:40

மேற்கு வாசல் என்றால் காலை முழுக்க நேர்வெயில் உள்ளே விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். ஸ்டுடியோவில் இதற்காகத்தான் காசு செலவழித்துத் துணி கட்டுவோம். கதவை முழுக்கத் திறந்து, வாசற்படியிலிருந்து மூன்றடி உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் பலகை. நீங்கள் வாசலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், கேக்கின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட வேண்டும். தட்டையாகத் தெரிகிறது என்றீர்களே, அதற்கு மருந்து இதுதான். வெளிச்சம் முன்னாலிருந்து வந்தால் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் கேக்கின் பொரபொரப்பு தெரியாது. ரிங் லைட் வேண்டாம் என்பதும் இதனால்தான், அது நேராக முகத்தில் அடிக்கும். மறுபக்கம் ரொம்ப இருட்டாகிவிட்டால் ஒரு தெர்மோகோல் அட்டையைக் கேக்கிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துங்கள். வீட்டு விளக்கு எதுவும் எரியக்கூடாது.

ரீல்ஸ்_தம்பி · திங்கள், மாலை 4:02

ரிங் லைட்டை அப்படிக் கழித்துக்கட்ட வேண்டாம் சார். ராத்திரி மட்டும்தான் நேரம் கிடைக்கும்னு இருக்கிறவங்க என்ன செய்வாங்க? அதைப் பக்கவாட்டில் வெச்சு, முன்னாடி ஒரு வெள்ளைத் துணி தொங்கவிட்டா நீங்க சொல்ற அதே நிழல் வருது. நான் செய்றேன்.

பழைய_ஸ்டுடியோ · திங்கள், மாலை 4:30

பக்கவாட்டில், துணியோடு என்றால் சரி. முதலில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே தம்பி.

குடியாத்தம்_கோகிலா · திங்கள், இரவு 8:15

இந்த போர்ட்ரெய்ட் மோடு மட்டும் வேண்டாம் அக்கா. கிரீம் பூவின் ஓரத்தையும் பின்னணி என்று நினைத்துக்கொண்டு பாதி இதழைக் கரைத்துவிடும். எனக்கு ஒருமுறை கேக் மேல் வைத்த செர்ரிப் பழமே காணாமல் போனது.

இன்னொன்று. கேழ்வரகு கேக்கை முழுசாக வைத்து எடுக்காதீர்கள். அதன் அழகு உள்ளேதான். நன்றாக ஆறிய பிறகு, முடிந்தால் மறுநாள் காலை, ரம்ப வெட்டுக் கத்தியால் இரண்டு துண்டு வெட்டி முன்னால் சாய்த்து வையுங்கள். ஒரு துண்டு வெட்டியதும் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்தது. சூட்டோடு வெட்டினால் வெல்லம் கத்தியில் ஒட்டி, வெட்டிய முகம் இழுபட்டுக் களி மாதிரி ஆகிவிடும். பால் கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் படம் எடுக்காதீர்கள், நம் ஊர்க் காற்றுபட்டதும் மேலே முத்துமுத்தாக வியர்க்கும். அதற்காக ரொம்ப நேரம் வெளியே வைத்தாலும் மே மாதத்தில் கிரீம் தோளைத் தொங்கப்போட்டுவிடும். பலகை, தெர்மோகோல், போன் எல்லாவற்றையும் ஒரு காலி டப்பாவை வைத்துத் தயார் செய்துகொண்டு, கடைசியில் கேக்கைக் கொண்டுவாருங்கள்.

வாசல்_அடுப்பு · புதன், காலை 10:50

நேற்றுக் காலை எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டம்மா, "இன்னாம்மா, கேக்குக்குக் கண்ணாலமா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பச்சை சுத்தமாகப் போய்விட்டது. பால் கேக் முதலில் சாம்பலாக வந்தது. ஐயா சொன்ன அதே கணக்குதானே என்று யோசித்தேன். முழுக்க வெள்ளையாக இருப்பதால் கேமரா இருட்டாக்குகிறது. சூரியனை மேலே தள்ளினேன். கொஞ்சம் அதிகமாகத் தள்ளியதும் கிரீமில் பிழிந்த கோடுகள் மறைந்து வெள்ளைச் சுண்ணாம்பு ஆகிவிட்டது. கோடு திரும்பத் தெரியும் இடம்வரை இறக்கி அங்கேயே எடுத்தேன். கேழ்வரகு கேக்கின் வெட்டிய முகத்தில் சின்னச்சின்ன ஓட்டைகள்கூட எண்ணலாம் போல வந்திருக்கிறது.

கேட்டலாக்கில் ஏற்றிவிட்டேன். விவரம் இப்படி எழுதியிருக்கிறேன்:

"அன்பும் பாசமும் கலந்து செய்த ஆரோக்கியமான கேழ்வரகு வெல்ல கேக். மைதா இல்லை, சர்க்கரை இல்லை. வாயில் வைத்தால் கரையும். குழந்தைகள் விரும்பும் சுவை. 350 கிராம். 220 ரூபாய்."

குடியாத்தம்_கோகிலா · புதன், காலை 11:15

படம் அருமை அக்கா. விவரத்தைப் பற்றி ராத்திரி வந்து எழுதுகிறேன், நிறைய இருக்கிறது. இப்போது அடுப்பில் இரண்டு தட்டு பிஸ்கட்.

வாசல்_அடுப்பு · வெள்ளி, மாலை 6:20

முதல் வெளி ஆர்டர் வந்தது, கொடுத்தேன், திட்டும் வாங்கினேன். பாகாயத்தில் ஒரு அம்மா. வாங்கிய அரை மணி நேரத்தில் செய்தி அனுப்பினார்: "போட்டோவில் ஒரு கிலோ கேக் மாதிரி இருந்தது. வந்தது சோப்பு டப்பா. நிறுத்துப் பார்த்தேன், 310 கிராம்தான் இருக்கிறது. 350 என்று போட்டிருக்கிறீர்கள்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் தராசில் வைத்துத்தான் ஊற்றினேன். சரியாக 350. அவர் தராசு தவறா?

ஆம்பூர்_தோல் · வெள்ளி, மாலை 6:55

அக்கா, நான் செருப்பு விற்கிறேன், கேக் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தத் திட்டு எனக்குப் பழக்கம். குழந்தைச் செருப்பைக் கிட்டே போய் எடுத்துப் போட்டேன். பெரியவர் அளவு என்று நினைத்து வாங்கிவிட்டு நாலு பேர் திருப்பி அனுப்பினார்கள். அளவு எண் எழுதித்தான் இருந்தது. யாரும் படிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார்கள். அப்புறம் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்தேன். திருப்பி வருவது குறைந்தது. ஆனால் செருப்புப் பக்கத்தில் காசு வைப்பது சிலருக்குப் பிடிக்கவில்லை, அது வேறு சண்டை.

குடியாத்தம்_கோகிலா · வெள்ளி, இரவு 8:40

அக்கா, ஊற்றினேன் என்றீர்களே, ஊற்றியது மாவுதானே? 350 மாவின் எடை. அடுப்பில் தண்ணீர் ஆவியாகிப் போகும். உங்களுக்கு 40 கிராம் போயிருக்கிறது, நூற்றுக்குப் பதினொன்று. தயிர் கேக்குக்கு அது சாதாரணம். அவர் தராசும் சரி, உங்கள் தராசும் சரி, நிறுத்த நேரம்தான் தவறு.

சுட்டு, முழுக்க ஆறிய பிறகு, அடியில் ஒட்டிய வெண்ணெய்த்தாளை உரித்துவிட்டு நிறுக்க வேண்டும். அட்டையும் டப்பாவும் சேரக் கூடாது. ஒரு கேக்கை நிறுத்து எழுதாதீர்கள். நான் புதுப் பொருள் போட்டால் பத்து கேக்காவது நிறுத்துக் குறித்துக்கொண்டு, அதில் மிகக் குறைந்ததையும்விடக் கொஞ்சம் இறக்கித்தான் எழுதுவேன். கூடுதலாகப் போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு, காரணத்தைச் சொல்லி, 40 கிராமுக்கான காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய_ஸ்டுடியோ · சனி, காலை 6:05

எடை கோகிலா அம்மா சொன்னபடி. ஒரு கிலோ மாதிரி தெரிந்தது என் பாவம். ஓட்டை எண்ணும் அளவுக்கு வந்தது என்றதும் நான் கேட்டிருக்க வேண்டும், எவ்வளவு கிட்டே போனீர்கள் என்று.

போன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. அதை வைத்துக்கொண்டு அரையடிக்குப் போனால், முன்னால் இருக்கும் துண்டு மூக்கு மாதிரிப் பெரிதாகும், பின்னால் இருக்கும் கேக் தூரத்தில் நீளமாக ஓடும். ரயில் பெட்டி மாதிரி. மூன்றடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். உங்கள் பழைய போனில் கொஞ்சம் தெளிவு குறையும், பரவாயில்லை. வடிவம் நேராக நிற்கும்.

அளவு தெரிய ஏதாவது பக்கத்தில் வையுங்கள். பார்ப்பவர் கையில் தினமும் பிடிக்கும் பொருளாக இருக்கட்டும். காபி டம்ளர் நல்லது. சின்னத் தட்டில் வைத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டுவது எங்கள் தொழிலில் பழைய தந்திரம், அதைச் செய்யாதீர்கள்.

ரீல்ஸ்_தம்பி · சனி, காலை 9:30

சார் சொல்றது சரி, ஆனா கேட்டலாக்கில் முதல் படம் சின்னச் சதுரமாத்தான் தெரியும். மூணடி தள்ளி டம்ளரோட எடுத்தா அதில் எறும்பு மாதிரி இருக்கும், யாரும் தொடமாட்டாங்க. முதல் படம் வெட்டிய துண்டு கிட்டத்தில், ரெண்டாவது படம் டம்ளரோட. அதான் என் கருத்து.

ஆம்பூர்_தோல் · சனி, காலை 9:52

இரண்டாவது படத்தைப் பாதிப் பேர் தள்ளிப் பார்ப்பதே இல்லை தம்பி. அடி வாங்கியவன் சொல்கிறேன்.

குடியாத்தம்_கோகிலா · சனி, இரவு 9:10

அந்தச் சண்டை நடக்கட்டும். அக்கா, நான் சொல்ல விட்டுப்போன விவர வரிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு, பாசம், ஆரோக்கியம், சுவை: இந்த நாலையும் எடுத்துவிட்டால் உங்கள் விவரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது பாருங்கள். இதே வரியை வேர்க்கடலை உருண்டைக்கும் போடலாம். வாங்குகிறவர் கடையில் கையில் எடுத்துப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்டு வாங்குவார். இங்கே அது எதுவும் முடியாது. அந்த நாலு கேள்விக்குப் பதில்தான் விவரம்.

"சர்க்கரை இல்லை" என்பதை இன்றே எடுங்கள். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைச்சத்துதான். எங்கள் தெருவில் சுகர் இருக்கும் ஒரு தாத்தா, சர்க்கரை இல்லை என்று எழுதியிருந்ததை நம்பி யாரோ செய்த கேக்கில் நாலு துண்டு சாப்பிட்டுவிட்டார். "வெல்லம் சேர்த்தது" என்று எழுதுங்கள், போதும். "மைதா இல்லை" உண்மை என்றால் இருக்கட்டும், ஆனால் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கேழ்வரகு மட்டுமா, கோதுமையும் உண்டா?

வாசல்_அடுப்பு · சனி, இரவு 9:30

கோதுமையும் உண்டு. கேழ்வரகு 60, கோதுமை 40. கேழ்வரகு மட்டும் போட்டால் உதிர்ந்துவிடுகிறது.

குடியாத்தம்_கோகிலா · சனி, இரவு 9:41

அப்போது அதைக் கட்டாயம் எழுத வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேழ்வரகு என்ற பெயரைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். முந்திரி, பாதாம் இருந்தால் அதுவும், பால் தயிரும்.

எத்தனை நாள் தாங்கும் என்று தெரியுமா? யாரையும் கேட்காதீர்கள், ஒரு துண்டை டப்பாவில் மூடி அலமாரியில் வைத்துப் பாருங்கள்.

வாசல்_அடுப்பு · வியாழன், காலை 11:05

வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவுவரை நன்றாக இருந்தது, முதல் நாளைவிட மெத்தென்று. மூன்றாம் நாள் மத்தியானம் மேல்தோல் பிசுபிசுத்தது. நான்காம் நாள் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. நான் ஐந்து நாள் என்று எழுத இருந்தேன்! ஃபிரிட்ஜில் வைத்த துண்டு ஐந்தாம் நாளும் கெடவில்லை, கொஞ்சம் இறுகியிருந்தது, அவ்வளவுதான்.

இதற்குள் பத்து கேக்கும் சுட்டுவிட்டேன், தெருவுக்கே விருந்து. எடை 306க்கும் 318க்கும் நடுவே வந்தது. பாகாயம் அம்மாவுக்கு 25 ரூபாய் திருப்பி அனுப்பினேன். "பரவாயில்லைமா, சுவை நன்றாக இருந்தது" என்று பதில் போட்டார்.

இப்போது எழுதியிருப்பது:

"கேழ்வரகு வெல்ல கேக். முட்டை சேர்க்காதது. சுட்டு ஆறிய பின் எடை குறைந்தது 300 கிராம். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 2 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். 8 துண்டு வரும். கேழ்வரகு மாவு, கோதுமை மாவு, வெல்லம், தயிர், வெண்ணெய், ஏலக்காய். மைதா இல்லை. தித்திப்பு அதிரசத்தைவிடக் குறைவு. கேழ்வரகு வாசனை தெரியும். வெயில் காலத்தில் வெளியே 2 நாள், ஃபிரிட்ஜில் 5 நாள். ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். 220 ரூபாய்."

"வாயில் வைத்தால் கரையும்" என்பதை எடுத்துவிட்டேன். உண்மையில் கரையாது, மென்றுதான் சாப்பிட வேண்டும்.

பேடா_ரசிகன் · வியாழன், பகல் 1:15

கேவுரு வாசனை தெரியும் என்று எழுதினால் வாங்குகிறவன் ஓடிவிடமாட்டானா?

குடியாத்தம்_கோகிலா · வியாழன், பகல் 2:00

ஓடுகிறவர் வாங்கிய பிறகு ஓடுவதைவிட இது மேல். அந்த வாசனைக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் அண்ணா. அக்கா, பதிவு எண் 14 இலக்கத்தையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று விட்டுப்போனது. பால் கேக்கில் முட்டை உண்டு என்றீர்கள். இரண்டும் ஒரே அடுப்பு, ஒரே தகரமா?

வாசல்_அடுப்பு · வியாழன், பகல் 2:20

தகரம் வேறு வேறு. அடுப்பும் அடிக்கும் கருவியும் ஒன்றுதான். நன்றாகக் கழுவித்தான் பயன்படுத்துகிறேன். இதையெல்லாமா எழுதுவது?

ஆம்பூர்_தோல் · வியாழன், மாலை 5:10

எழுதவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். முட்டை சேர்க்கவில்லை என்பது உண்மை. கழுவிய பாத்திரத்தைப் பற்றி எந்தக் கடைக்காரர் எழுதுகிறார்?

குடியாத்தம்_கோகிலா · வியாழன், இரவு 8:30

நான் எழுதுகிறேன். "இதே அடுக்களையில் முட்டை கேக்கும் செய்கிறோம்" என்று ஒரே வரி. எழுதிய பிறகு எனக்கு ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் முட்டை தொடாத வீட்டார் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அலர்ஜி உள்ள பிள்ளை சாப்பிடுகிறது என்றால் கேட்கும்வரை காத்திருக்கவும் முடியாது. விதிமுறையில் முட்டை கலந்தது அசைவக் கணக்கில்தான் வருகிறது, பால் கேக் டப்பாவில் பழுப்பு முக்கோணம்தான் வர வேண்டும். பச்சை வட்டம் கேழ்வரகு கேக்குக்கு.

பழைய_ஸ்டுடியோ · வெள்ளி, காலை 6:20

என் வீட்டில் கேட்டேன். "எழுதினால் வாங்கமாட்டேன், எழுதாமல் பிறகு தெரிந்தால் திட்டுவேன்" என்கிறாள். இதில் எனக்குக் கருத்து இல்லை.

வாசல்_அடுப்பு · வெள்ளி, காலை 10:40

இப்போதைக்கு எழுதாமல் வைத்திருக்கிறேன், கேட்பவர்களிடம் சொல்கிறேன். அடிக்கும் கருவிக்கு இன்னொரு ஜோடிக் கம்பி வாங்கிய பிறகு எழுதலாமா என்று யோசனை. கோகிலாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

படத்தில் இரண்டு பேர் சொன்னதையும் கலந்துவிட்டேன். முதல் படம் மூன்றடி தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி, வெட்டிய துண்டு முன்னால், ஓரத்தில் என் மாமியாரின் பித்தளை டம்ளர் பாதி தெரிகிற மாதிரி. சதுரத்திலும் எறும்பாக இல்லை.

வாசல்_அடுப்பு · திங்கள், மாலை 7:15

இன்று மூன்று ஆர்டர். அதில் பாகாயம் அம்மா மறுபடியும் இரண்டு கேட்டிருக்கிறார். புதிதாக ஒருவர் காட்பாடியிலிருந்து. விவரம் முழுக்கப் படித்தேன் என்று சொன்னார், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் கேட்டார், "220 ரூபாயில் அந்தப் பித்தளை டம்ளரும் சேர்த்து வருமா?"

ஆம்பூர்_தோல் · திங்கள், மாலை 7:22

நாணயம் வைத்த புதிதில் எனக்கும் ஒருவர் இதைக் கேட்டார் அக்கா. பத்து ரூபாய் தள்ளுபடியா என்று.

குடியாத்தம்_கோகிலா · திங்கள், இரவு 8:05

"டம்ளர் அளவு காட்ட மட்டும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அதற்கு மேலும் கேட்டால் மாமியாரிடம் பேசச் சொல்லுங்கள்.

பேடா_ரசிகன் · திங்கள், இரவு 8:40

ஆற்காட்டுக்கு அனுப்புவீர்களா? டம்ளர் வேண்டாம்.